நான்கு முழ விலக்கு

லித்துவேனியப் பெருநாட்டின் கிழக்கு ஓரத்தில், சேறும் பிர்ச் மரங்களும் மாறிமாறி வரும் ஒரு வழியில், கிரிவின் என்றொரு சிற்றூர் இருந்தது என்றும், அங்கே சபை விலக்கு வாசிக்கப்பட்ட நாளில் பூமி சற்றே நீண்டுகொடுத்தது என்றும் சொல்கிறார்கள். எவ்வளவு நீண்டது என்று கேட்டால் நான்கு முழம் என்பார்கள், ஆனால் முழம் என்பது ஐந்து கைப்பிடியா ஆறு கைப்பிடியா என்பதில் அந்த ஊர் யூதர்களுக்குள் அதற்கு முன்பும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை, அதற்குப் பின்பும் ஏற்படவில்லை.

பஸ்கா பண்டிகை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வில்னா நகரத்துச் சபை தன் முத்திரையிட்டு ஊர் ஊராக அனுப்பிய கடிதம் கிரிவினுக்கும் வந்து சேர்ந்தது. தங்களை ஹசீதுகள், அதாவது பக்தர்கள், என்று அழைத்துக்கொள்ளும் ஒரு கூட்டம் தெற்கிலிருந்து பரவுகிறது, அவர்கள் பொது ஜெப ஆலயத்தை விட்டுத் தனி அறையில் கூடுகிறார்கள், முன்னோர் வகுத்த ஜெபச் சொற்களை மாற்றுகிறார்கள், மனம் கனியட்டும் என்று காத்திருந்து ஜெப நேரத்தையே கடத்திவிடுகிறார்கள், ஜெபத்தின் நடுவே கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், குட்டிக்கரணம்கூடப் போடுகிறார்கள், ஆடுமாடு அறுக்கத் தங்களுக்கென்று சாணையில் மெருகேற்றிய தனிக் கத்தி வைத்திருக்கிறார்கள், சட்டம் படித்த அறிஞர்களைக் கேலி செய்கிறார்கள், ஆகவே இவர்களை விலக்குங்கள், இவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு முழம் இருக்கட்டும் என்று அந்தக் கடிதம் சொன்னது.

கடிதத்தை வாசிக்க வேண்டியவர் ஊரின் மதகுருவான ரபி அவிக்தோர். அவருடைய ஒரே மகள் டோப்ரா. தாய் இறந்த பிறகு அப்பாவுக்குச் சமைத்துப் போடுவதும், அப்பாவின் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டு பகலெல்லாம் நூல் படிக்கும் தன் கணவன் கல்மனுக்குச் சமைத்துப் போடுவதும் அவள் வேலை. படிப்பில் சூரனான மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துச் சோறு போடுவது அந்நாள் பெரிய குடும்பங்களின் வழக்கம். ரபிக்கு அதில் பெருமையும் இருந்தது. மாமனும் மருமகனும் இரவுச் சாப்பாட்டில் ஒரே எலும்பைப் பிடித்திழுக்கும் இரண்டு நாய்கள் மாதிரி ஒரே சட்டவரியைப் பிடித்திழுப்பார்கள். டோப்ராவுக்கு அந்தச் சண்டைதான் வீட்டின் சூடு.

ஆனால் ஆறு மாதமாகக் கல்மன் காலையில் ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் தாடியுடன் வந்தான், உடையில் புகையிலை வாசனை அடித்தது, மெட்டு மட்டும் இருந்து சொல் இல்லாத பாட்டை முணுமுணுத்தான். தோல் பதனிடுகிற பெரல் வீட்டுப் பின்னறையில் ஒன்பது பேர் கூடுவது ஊருக்கே தெரியும். ஆனால் பத்து ஆண்கள் இல்லாமல் கூட்டு ஜெபம் கிடையாது. அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை. டோப்ராவுக்குத் தெரியும். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை.

பத்தாவது ஆள் தெரியாததால்தான் கடிதத்தைப் பெயர் குறிப்பிடாமல் வாசிப்பது என்று முடிவாயிற்று. "பேரு எதுக்கு? தொப்பி யாருக்குப் பொருந்துதோ அவனே போட்டுக்கட்டும்," என்றார் சபைத் தலைவர் ஹிர்ஷ்லெய்ப்.

வியாழக்கிழமை காலை, ஆலயப் பணியாளர் மோட்கே மரச்சுத்தியலால் ஒவ்வொரு ஜன்னலையும் தட்டி எல்லா ஆண்களையும் அழைத்து வந்தார். கறுப்பு மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன, திருச்சுருள் வெளியே எடுக்கப்பட்டது, ஆட்டுக்கடாக் கொம்பு ஊதப்பட்டது. ரபி அவிக்தோர் தன் மெல்லிய குரலில் வாசித்து முடித்தார். மோட்கே மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார், கடைசிச் சுடர் அணைந்ததும் தரை நீண்டது.

மாடத்தில் பெண்கள் பகுதியில் மரச்சல்லடைத் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த டோப்ரா அதை மேலிருந்து பார்த்தாள். யாரும் யாரையும் தள்ளவில்லை, யாரும் விழவில்லை. விரித்த மாவில் கோப்பையைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தால் வட்டம் விழுமே, அதுபோலக் கூட்டத்தில் ஒவ்வொரு வட்டமாக விழுந்தது. பின்வரிசையில் ஒன்பது வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மனிதன். பத்தாவது வட்டம் கிழக்குச் சுவரோரம், ஊரின் மிக மதிப்பான இருக்கைகளின் நடுவே திறந்தது. அதன் மையத்தில் கல்மன் நின்றான். அவன் பக்கத்து இருக்கை ரபியுடையது. மேடையிலிருந்து இறங்கி அங்கே போகத் திரும்பிய ரபி எட்டு வைத்தும் எட்டவில்லை, மறுபடி வைத்தும் எட்டவில்லை.

"அடியே டோப்ரா," என்றாள் மீன் விற்கும் ஷ்ப்ரின்ட்ஸா, சல்லடையில் மூக்கை வைத்தபடி. "உன் புருஷன் குளத்துல கல்லு விழுந்த மாதிரி நிக்கிறான் பாரு!"

ரபி கொஞ்ச நேரம் மருமகனைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். பிறகு, அவர் அப்படிப்பட்ட மனிதர் என்பதால், "மோட்கே, ஒரு கயிறு கொண்டு வா," என்றார்.

அளந்து பார்த்ததில் நான்கு முழம். பெரிய முழத்துக்குச் சற்றுக் குறைவு, சின்ன முழத்துக்குச் சற்று அதிகம்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஆண்டவன் உலகத்தைப் படைத்தபோதே இப்படித்தான் படைத்தான் என்பதுபோல நடந்துகொண்டார்கள். குறுகிய சந்தில் ஒரு ஹசீது எதிரே வந்தால் மற்றவர்கள் பின்னாலேயே நடந்து சந்தின் வாய்க்குப் போய்க் காத்திருந்தார்கள். வெந்நீர்க் குளியல் வீட்டுக்குள் பெரல் நுழைந்த ஒருநாள் மீதிப் பேர் எல்லாரும் சுவரோடு அப்பளமாக ஒட்டிக்கொண்டு அவன் முதுகு தேய்த்து முடிக்கும்வரை நின்றார்கள். ஷ்ப்ரின்ட்ஸா மீனை வீச ஆரம்பித்தாள். கெண்டை மீன் காற்றில் பறந்து போய்ச் சரியாகக் கூடையில் விழும், அவளுக்கு அதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது. ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் அந்த எல்லை இல்லை. மாவு ஆலைக்காரன் பனாஸ் கிறிஸ்தவன் என்பதால் அவனுக்கும் இல்லை. அவன் வட்டத்துக்குள்ளும் வெளியிலும் தாராளமாக நடந்து சாமான்களையும் வம்பையும் இரு பக்கமும் சுமந்தான். "உங்க சட்டம் எனக்குப் புரியலை," என்பான், "ஆனா இவ்வளவு நல்ல சட்டத்தை நான் பார்த்ததே இல்லை."

மிக வியப்பானது, விலக்கு தன் சட்டத்தைத் தானே சரியாகத் தெரிந்துவைத்திருந்ததுதான். விலக்கப்பட்டவனுடைய மனைவியும் வீட்டாரும் மட்டும் அவனை நெருங்கலாம் என்று பழைய சட்டம் சொல்கிறது. அப்படியே நடந்தது. மனைவிகள் நுழைந்தார்கள், பிள்ளைகள் நுழைந்தார்கள். பெரலின் கூடப்பிறந்த தம்பி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தனி அடுப்பு வைத்திருந்தவன், நுழைய முடியவில்லை. ஆனால் பெரல் வீட்டு மூலையில் தங்கி அவன் மேசையில் சாப்பிட்டு வந்த கண் தெரியாத நூற்காரி, நூல் நூற்றுப் பிழைக்கும் கிழவி, அவனுக்கு எந்த உறவும் இல்லாதவள், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராக உள்ளே போனாள். தடுக்கிறது என்று யாரோ எச்சரித்தபோது, "எது தடுக்குது?" என்று கேட்டாள்.

இதை டோப்ரா கவனித்து மனசில் வைத்துக்கொண்டாள்.

ரபி வீட்டு மேசை ரபியுடையது, கல்மனுடையது அல்ல என்பதால், அதில் இருவரும் சேர்ந்து உட்கார முடியாமல் போனது. கல்மன் விறகுக் கொட்டகைக்குப் போனான். அங்கே ஒரு முனையிலிருந்து அவன் பேச, முற்றத்தில் சரியாக நான்கு முழம் தள்ளி முக்காலி போட்டு ரபி பேசினார். விலக்கப்பட்டவனோடு பேசலாமா என்று ஹிர்ஷ்லெய்ப் கேட்டதற்கு, "திருத்துறதுக்காகப் பேசலாம்," என்றார் ரபி. திருத்துவது பல மணிநேரம் நீண்டது.

"மாப்பிள்ளை, நேரம் தவறி ஜெபம் பண்றீங்களே, அதுக்கு என்ன பதில்?"

"மனசு வராம வாய் மட்டும் நேரத்துக்கு வந்தா போதுமா, மாமா? விறகு வெட்டுறவன் கோடாலியைத் தீட்டுற நேரமும் வேலை நேரம்தானே?"

"சூரியன் உங்க கோடாலிக்காகக் காத்திருக்குமா? அப்புறம் அந்த ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர், உங்க குரு. அவர் தட்டுல மிச்சம் வச்சதை அடிச்சுப் பிடிச்சுச் சாப்பிடுறீங்களாமே."

"சாப்பிட்டேன். ஒரு துண்டு ரொட்டி. பத்து வருஷம் இந்த வீட்டில் படிச்சேன், மாமா. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் கிழக்குச் சுவர்ல யார் என்னைப் பார்க்கிறாங்கன்னு பார்த்துட்டே திருப்பினேன். பெரியவர்கிட்டப் போனப்ப ஒரு வண்டிக்காரன், எழுத்தே தெரியாதவன், தாவீதோட சங்கீதத்தைச் சொல்லி அழுதான். அவன் பக்கத்துல நிக்க எனக்கு வெட்கமா இருந்தது. கடவுள் இல்லாத இடமே இல்லைன்னு அவர் சொன்னார். ஆட்டுக்குள்ளயும், அவிசாரித்தனமா வர்ற நினைப்புக்குள்ளயும்கூட ஒரு பொறி இருக்கு, அதைத் துரத்தாதே, தூக்கிவிடுன்னு சொன்னார்."

ரபியின் முகம் மாறியது. "எல்லாத்துக்குள்ளயும் பொறின்னா அப்புறம் சுத்தம் எது, தீட்டு எது? நூறு வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் நான்தான் மீட்பர்னு வந்தான். பாவத்துக்குள்ளயே இறங்கிப் பொறியைத் தூக்கணும்னு அவன் ஆட்களும் சொன்னாங்க. ஜனங்க அவனை நம்பி வீடு வாசலை வித்தாங்க. கடைசியில அவன் மதம் மாறினான். என் தாத்தாவும் வீட்டை வித்தார், மாப்பிள்ளை. உங்களைப் பார்த்து எனக்குக் கோபம் இல்லை. பயம்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த டோப்ரா கையை நிறுத்தினாள். அப்பா பயம் என்ற சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பெரலின் கத்தியையும் ரபி வரவழைத்துப் பார்த்தார். பனாஸ்தான் கொண்டுவந்து கொடுத்தான். அலகை நகத்தின் மேலும் விரல் சதையின் மேலும் முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு முறை ஓட்டினார். முடியளவு பிசிறு இருந்தாலும் அறுத்த இறைச்சி ஆகாது. பிசிறு இல்லை. "இவ்வளவு மெல்லிசான கத்தி ஒரு எலும்பு பட்டா உடனே பிசிறும்," என்றார். பிறகு, நேர்மையான மனிதர் என்பதால், "இன்னைக்குப் பிசிறு இல்லை," என்றும் சொன்னார். ஆனாலும் அந்த இறைச்சியைத் தொட மறுத்தார். ஊரின் அறுப்புக்காரனை ஊர்ச் சபைதான் நியமிக்க வேண்டும். ஆளுக்கொரு கத்தி என்றானால் ஒருவன் வீட்டில் மற்றவன் சாப்பிட முடியாது, ஒருவன் பெண்ணை மற்றவன் கட்ட முடியாது, பிறகு ஊர் எங்கே?

பஸ்காவுக்கு ஏழு வாரம் கழித்து வரும் வாரப் பண்டிகைக்கு முன் சபை கூடியது. விலக்கப்பட்ட பத்துப் பேரும் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ரபியின் மகளே விலக்கப்பட்டவனோடு வண்டியேறுவது ஊருக்கே அவமானம் என்பதால், கல்மன் அவளுக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துப் பத்திரம், எழுதித் தந்துவிட்டுப் போகட்டும் என்று ஹிர்ஷ்லெய்ப் சொன்னார்.

மறுநாளே ரபி வீட்டு முற்றத்தில் எழுத்தரும் இரண்டு சாட்சிகளும் வந்து நின்றார்கள். தள்ளுதற்சீட்டைக் கணவனின் சொல்லைக் கேட்டே எழுத வேண்டும், மையும் இறகும் தோலும் முதலில் அவன் கைக்குப் போய் அவனுடையதாகித் திரும்ப வேண்டும். எழுத்தரால் நெருங்க முடியாததால், ரொட்டிக் கடையின் நீளத் துடுப்பில் மைக்கூட்டை வைத்து வட்டத்துக்குள் நீட்டினார்கள். மை சிந்தியது. கண் தெரியாத நூற்காரி யாரோ விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"மனமாரத் தர்றியா?" என்று எழுத்தர் உரக்கக் கேட்டார்.

"இல்லை," என்றான் கல்மன்.

"தராட்டி அடி விழும்," என்றார் ஹிர்ஷ்லெய்ப்.

"அடிக்கக் கிட்ட வரணுமே, தலைவரே!" என்று ஷ்ப்ரின்ட்ஸா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள். சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக்கினார்.

டோப்ரா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கைகளை ஏப்ரனில் சுற்றிக்கொண்டாள்.

"அப்பா, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய ரபி, பெண் சம்மதிக்காம அவளைத் தள்ளி வைக்கக் கூடாதுன்னு சொன்னார், இல்லையா? மீறினவனுக்கு என்ன தண்டனை?"

"விலக்கு," என்றார் ரபி.

"எனக்குச் சம்மதம் இல்லை."

ஹிர்ஷ்லெய்ப் அதட்ட வாயைத் திறந்தார். "நீங்க சொல்லுங்க, ரபி! உங்க பேச்சைக் கேட்க மாட்டாளா?"

"அவ சொன்னதுதான் சட்டம்," என்றார் ரபி. "நான் சொல்ல என்ன இருக்கு?" எழுத்தர் தோலைச் சுருட்டிக்கொண்டு போனார். ஹிர்ஷ்லெய்ப் மட்டும் போகும்போது, தன்னைச் சுற்றியும் வட்டம் விழுகிறதா என்று முன்னெச்சரிக்கையாகக் காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அன்று மாலை முற்றத்தில் அப்பாவும் மகளும் தனியாக இருந்தார்கள்.

"விலக்கை எடுத்துடுங்களேன், அப்பா."

"நான் போட்டதை நான் எடுக்கலாம். பெரிய சபை போட்டதைச் சின்ன சபை எடுக்க முடியாது, டோப்ரா. தவிர, முடிஞ்சாலும் எடுப்பேனான்னு தெரியலை. அவங்க பண்றது தப்புன்னு இப்பவும் நினைக்கிறேன்."

"நான் போனா உங்களுக்கு யார் சமைப்பாங்க?"

"மோட்கேயோட பொண்டாட்டி."

"அவ முள்ளங்கியைத் தோலோட வேகவைப்பா."

இருவரும் சற்றுச் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. தெற்கே ஹசீதுகள் வலுவாக இருக்கும் ஊருக்கு வண்டியில் ஒன்பது நாள். அங்கிருந்து அவள் இங்கு வந்து பார்ப்பது அரிது, இங்கிருந்து அவர் அங்கு போவதோ அவர் வயதுக்கு நடக்காது. போனாலும் தான் பெற்ற மகளின் வீட்டு வாசலில் நான்கு முழம் தள்ளி நின்று, உள்ளே அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

டோப்ரா அந்தக் கண் தெரியாத கிழவியைப் பற்றிச் சொன்னாள். ரத்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. யார் மேசையில் சாப்பிடுகிறாளோ அவர் வீட்டாள். "நீங்க என் புருஷனோட மேசையில சாப்பிட்டா?"

ரபி நிமிர்ந்து பார்த்தார். சட்டம் படித்தவருக்கு அதன் பொருள் உடனே புரிந்தது, விலையும் உடனே புரிந்தது. அவர் குடியிருக்கும் வீடு சபையின் வீடு, சாப்பிடும் சோறு சபையின் சோறு. ஒருவன் ஒரே நேரத்தில் ஊருக்கு ரபியாகவும் விலக்கப்பட்டவன் வீட்டு மூலையில் ஒண்டியிருப்பவனாகவும் இருக்க முடியாது. பொய்யாக ஒருவேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்த விலக்குக்குப் பொய் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது.

"அவனுக்கு ஏது மேசை?" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கல்மனுக்கு மேசை இல்லை என்பது உண்மைதான். வாழ்நாளில் அவன் ஒரு ரொட்டிக்கும் உழைத்ததில்லை. மறுநாளிலிருந்து அவன் பெரலின் பட்டறையில் ஈரத் தோல்களைச் சுமந்தான், கை முழுவதும் சுண்ணாம்பு பட்டுக் கொப்பளித்தது, எட்டு நாளில் அரை மூட்டை ரை தானிய மாவும் ஒரு சின்ன ஆட்டுத் தொடையும் கொண்டுவந்தான். டோப்ரா எதுவும் விளக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து வண்டிகளும் ஆற்றங்கரையில் நின்றன. ஊர் முழுக்கத் திரண்டு, சரியாக நான்கு முழம் தள்ளி, ஒரு நீளமான பலகைச் சுவர்போல நின்றது. சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள், சிலர் சாமான்களை வீசுவதில் கைதேர்ந்துவிட்ட ஷ்ப்ரின்ட்ஸாவிடம் கடைசியாக ஏதாவது கொடுத்து வீசச் சொன்னார்கள். கல்மனின் வண்டி அருகே இரண்டு பீப்பாய்களின் மேல் ஒரு கதவுப்பலகையைப் போட்டு, டோப்ரா மூன்று கிண்ணங்களை வைத்தாள். ரை ரொட்டியையும் கிழங்கும் ஆட்டிறைச்சியும் போட்ட சூப்பையும் கொண்டுவந்து வைத்தாள். வழிக்கு முந்திய சாப்பாடு என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். மூன்றாவது கிண்ணம் யாருக்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

சூப்பு ஆறத் தொடங்கியது. டோப்ரா கூட்டத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் பார்த்தாள், அதன் மேல் கொழுப்பு மெல்ல வெண்மையாகப் படிவதைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து கூட்டம் விலகியது. ரபி அவிக்தோர் வந்தார். ஆலயத்துக்குப் போடும் நீள அங்கி இல்லை, ரபியின் கோல் இல்லை. ஒரு மூட்டையும், தோல் உறையில் சில நூல்களும், கையில் ஒரு மரக்கரண்டியும் இருந்தன. ஹிர்ஷ்லெய்ப்பின் முன்னால் நின்று, வீட்டின் சாவியையும் ஆலயத்தின் சாவியையும் அவர் கையில் வைத்தார்.

"என்ன இது, ரபி? நீங்களும் குட்டிக்கரணம் போடப் போறீங்களா?"

"இல்லை. அவங்க செய்றது தப்புன்னு சொல்லப் போறேன். இங்கிருந்து கத்திக் கத்தித் தொண்டை போச்சு."

எல்லை எங்கே இருக்கிறது என்று இப்போது ஊரில் எல்லாருடைய கால்களும் அறியும். ரபி அதன் விளிம்பில் நின்றார். அவர் தயங்கியதாகச் சிலர் சொல்கிறார்கள், குனிந்து தரையைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

"மாப்பிள்ளை," என்றார், "உங்க வீட்டுல ஒரு கிழவனுக்கு மூலையில இடம் இருக்குமா?"

கல்மன் எழுந்து நின்றான். அவன் கொப்பளித்த கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "இருக்கு, மாமா," என்றான். "வீடுதான் இன்னும் இல்லை."

ரபி எட்டு வைத்தார். அது எட்டியது. இன்னொரு எட்டு வைத்தார். அவர் கதவுப்பலகையின் கடைக்கோடியில், வீட்டுத்தலைவன் உட்காரும் இடத்தைக் கல்மனுக்கு விட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். டோப்ரா முதலில் கணவனுக்குப் பரிமாறினாள், பிறகு அப்பாவுக்கு. அவள் பிறந்ததிலிருந்து அந்த வரிசை அப்படி இருந்ததில்லை.

ரபி ரொட்டியைப் பிட்டு ஆசீர்வாதம் சொல்லித் தின்றார். சூப்பில் கரண்டியை விட்டவர் நிறுத்தினார்.

"இந்த ஆட்டை யார் அறுத்தது?"

"பெரல்," என்றான் கல்மன்.

"மெருகேத்தின கத்தியிலயா?"

"ஆமா, மாமா."

"கிண்ணம் புதுசா, இல்லை நம்ம வீட்டுக் கிண்ணத்தைத் தீட்டாக்கிட்டியா, டோப்ரா?"

"புதுசுதான். இதுக்காகவே வாங்கினேன்," என்றாள் டோப்ரா.

ரபி சூப்புக் கிண்ணத்தை மருமகன் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்து உப்பைத் தொட்டுக்கொண்டார். "நான் இதைத் தொட மாட்டேன்," என்றார். "ஏன் தொட மாட்டேன்னு சொல்றேன், கேளுங்க. முதல் காரணம்..."

"மாமா, முதல்ல ரொட்டியை முழுங்குங்க."

"குறுக்கே பேசாதீங்க, மாப்பிள்ளை. முதல் காரணம்..."

பனாஸ் வந்து பலகையையும் பீப்பாய்களையும் ஏற்றினான். வண்டி நகர்ந்தது. கூட்டம் நான்கு முழத்தைக் காத்தபடியே ஆற்றுப்பாலம்வரை நடந்து வந்தது. வழியனுப்ப வந்தார்களா, ஏழாவது காரணத்தைக் கேட்க வந்தார்களா என்பது அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த டோப்ராவின் முகத்துக்கு முன்னால் அப்பாவின் விரலும் கணவனின் விரலும் மாறிமாறி ஆடின. ஒருமுறை அப்பாவின் முழங்கை அவள் காதில் இடித்தது. அவள் தலையை விலக்கிக்கொள்ளவில்லை.